அடிசன் நோயாளிகள் வீட்டில் இருந்தால் படியுங்கள்: வாந்தி வந்த இரவில் ஊசி போட மறுத்த மருத்துவமனை

மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்த ஜூன் மாதம். என் வீட்டுக்காரர் காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டியில் வேலை பார்க்கிறார். அவருக்கு அடிசன் நோய். பழைய டிபி அட்ரினல் சுரப்பிகளைக் கெடுத்துவிட்டது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு சுரப்பிகளும் கார்ட்டிசோல் சுரப்பதை நிறுத்திவிட்டதால், காலையில் எழுந்ததும் ஹைட்ரோகார்ட்டிசோன் 10 மில்லிகிராம், மதியம் 5, சாயங்காலம் நாலு மணிக்கு 5 என்று ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும். உடம்பில் உப்பு தங்குவதற்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் காலையில் ஒன்று. இத்தனையும் ஒழுங்காகப் போட்டால் மூட்டை தூக்குகிற ஆள்.

அன்று காலை பதினோரு மணிக்குக் காய்ச்சல் 101 டிகிரி. பெங்களூரில் பார்க்கும் ஹார்மோன் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு எங்களிடம் உண்டு. காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் அன்றைய அளவை இரண்டு மடங்காக்கு, 102.2-ஐத் தாண்டினால் மூன்று மடங்காக்கு, காய்ச்சல் விட்டதும் ஓரிரு நாளில் பழைய அளவுக்கு வந்துவிடு என்று அதில் இருக்கிறது. அதாவது அவருக்கு 20 மில்லிகிராம் 40 ஆகும், இல்லையென்றால் 60 ஆகும். ஃப்ளூட்ரோகார்ட்டிசோனை மாற்ற வேண்டாம். அதன்படி காலை மாத்திரையோடு இன்னொரு 10 சேர்த்துக் கொடுத்தேன். மதியம் 10, சாயங்காலம் 10. ஆறு மணிக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, மோர் கேட்டுக் குடித்தார்.

எட்டு மணிக்கு வாந்தி. சீட்டில் இதற்கும் வழி இருக்கிறது. வாந்தி எடுத்தால் உடனே 20 மில்லிகிராம் கொடு, உப்பு சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு மடக்காகக் குடிக்க வை. அதுவும் வெளியே வந்துவிட்டால் மாத்திரையை மறந்துவிடு, 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. கொடுத்த மாத்திரை கால் மணி நேரத்தில் முழுசாக வாளியில் கிடந்தது. வீட்டில் ஊசி மருந்து இருந்தது, போட யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. மருந்துப் பாட்டில், சீட்டு இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் இருபத்திநாலு மணி நேரத் தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம்.

அங்கே நடந்ததைத்தான் எழுத வந்தேன். பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும்.

டியூட்டி டாக்டரிடம் சீட்டை நீட்டி, "சார், இவருக்கு அடிசன். மாத்திரை வயித்துல தங்கல. இந்த ஊசியை மட்டும் முதல்ல போட்டுடுங்க" என்றேன். சீட்டை வாங்கினார், ஆனால் படிக்கவில்லை. "ஸ்டீராய்டாம்மா? காய்ச்சல்ல ஸ்டீராய்டு போட்டா இன்ஃபெக்‌ஷன் ஏறிடும். மாத்திரையையும் காய்ச்சல் விடற வரைக்கும் நிறுத்துங்க" என்றார். நான் கொண்டுபோன பாட்டிலைக் காட்டினால், வெளி மருந்து போட மாட்டோம் என்றார். அப்படியென்றால் உங்கள் ஃபார்மசியில் இருப்பதைப் போடுங்கள் என்றேன். "டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்" என்றார்.

டெங்கு டெஸ்ட், பிளேட்லெட், வயிற்று வலி என்றதால் அப்பெண்டிக்ஸ் ஸ்கேன். வாந்திக்கு ஒரு ஊசி, காய்ச்சலுக்கு ஒரு டிரிப், அப்புறம் ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டில். அட்ரினல் வேலை செய்யாதவருக்குக் காய்ச்சலோடு வாந்தியும் வயிற்று வலியும் வருவது அந்த நோயே முற்றுவதற்கான அடையாளம் என்று சீட்டில் பெரிய எழுத்தில் இருக்கிறது. வயிற்றை ஸ்கேன் எடுத்தால் அதில் ஒன்றும் தெரியப்போவதில்லை. குளுக்கோஸ் பாட்டிலும் இங்கே தப்பு. ஏற்கெனவே சோடியம் இறங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு உப்பில்லாத தண்ணீரை ஏற்றினால் இன்னும் இறங்கும். அவருக்கு வேண்டியது நார்மல் சலைன்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார வைத்தால் தலை சுற்றி விழுந்தார். பிபி 80-க்கு 50. கை கால் சில்லென்று இருந்தது. மூன்று மணிக்கு என் பெயருக்குப் பதிலாக அவர் தங்கச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சிஸ்டரிடம் சொன்னால், "அசதிம்மா, தூங்க விடுங்க" என்றார். நான் கையெழுத்துப் போட்டு வெளியே கூட்டிவந்துவிட்டேன். அந்த நேரத்திலும் 7,400 ரூபாய் பில் கட்டாமல் விட மாட்டேன் என்றார்கள். அத்தை கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், என் தம்பி போனில் பணம் அனுப்பியபிறகுதான் கதவு திறந்தது.

108-ல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் சீட்டை வாங்கி இரண்டு வரி படித்தார். "சிஸ்டர், ஹைட்ரோகார்ட் நூறு, உடனே" என்றார். ரத்தம் எடுத்து அனுப்பினார், ஆனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. நரம்பு வழியாக 100 மில்லிகிராம் போனது. நார்மல் சலைன் ஒரு லிட்டர், முதல் ஒரு மணி நேரத்துக்குள். அதற்குப்பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50. ரிசல்ட் வந்தபோது சோடியம் 122, பொட்டாசியம் 5.8, சர்க்கரை 58. சர்க்கரைக்குத் தனியாகக் குளுக்கோஸ் கொடுத்தார்கள், சலைனோடு சேர்த்து. விடிந்து வெயில் வந்தபோது அவர் தானாக எழுந்து உட்கார்ந்து, மண்டிக்கு யார் போயிருக்கிறார்கள் என்று கேட்டார்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த டியூட்டி டாக்டரையும் சேர்த்து. நல்ல உடம்புக்குக் காய்ச்சல் வந்தால் அட்ரினல் தானாகவே வழக்கத்தைவிடப் பல மடங்கு கார்ட்டிசோலைச் சுரக்கும். ரத்தக்குழாய் தளர்ந்து பிபி விழாமல் பிடிப்பதும், சாப்பிடாத நேரத்தில் சர்க்கரையைத் தாங்குவதும் அதுதான். இவருக்குச் சுரப்பதில்லை, அதனால் அந்தக் கூடுதலை நாம் கையால் கொடுக்கிறோம். முகம் வீங்கும், எலும்பு தேயும் என்பதெல்லாம் தேவைக்கு மேல் மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு. இரண்டு மூன்று நாள் இரட்டிப்பாக்கினால் ஒன்றும் ஆகாது. தேவையில்லாமல் ஒருமுறை 100 மில்லிகிராம் ஊசி போட்டுவிட்டாலும் பெரிய கெடுதல் இல்லை. தேவையானபோது போடாமல் விட்டால் ஆள் போய்விடுவார். சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள் என்று ஹார்மோன் டாக்டர் சொல்வது அதனால்தான். அதற்காக, காய்ச்சல் இல்லாத சளிக்கும், வீட்டில் சண்டை போட்டதற்கும் மாத்திரையைக் கூட்டாதீர்கள், அது கெட்ட பழக்கம்.

மாத்திரையை இரட்டிப்பாக்குவது மாத்திரை வயிற்றில் தங்கும்வரைதான் பயன். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தண்ணீராகப் பேதி நிற்காமல் போனாலோ ஊசிதான். பேச்சு குழறினால், எழுந்து நிற்க முடியாமல் போனால், எலும்பு முறிகிற மாதிரி அடிபட்டால், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கக்கூட வேண்டாம். ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே அங்கே சொல்லிவிட வேண்டும்.

இப்போது ஊசியை நானே போடக் கற்றுக்கொண்டேன். அரசு மருத்துவமனை சிஸ்டர் ஒருவர் காலாவதியான பாட்டிலை வைத்துக் காட்டிக்கொடுத்தார். சின்னக் கண்ணாடிப் பாட்டிலின் அடியில் வெள்ளைப் பொடி இருக்கும். கூட வரும் ஸ்டெரைல் வாட்டர் 2 மில்லியை சிரிஞ்சில் எடுத்து, ரப்பர் மூடி வழியாகப் பொடிக்குள் விட்டு, பாட்டிலைச் சுழற்றினால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரி தெளியும். முழுசையும் திரும்ப இழுத்து, சிரிஞ்சில் நிற்கும் காற்றைத் தட்டி வெளியேற்றி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில் ஊசியை நேராகக் குத்தி, மெதுவாக அமுக்க வேண்டும். சதையில் போடுவதால் நரம்பு தேட வேண்டியதில்லை. நேரமில்லை என்றால் மெல்லிய வேட்டிக்கு மேலேயே குத்தலாம். இது பெரியவர்களுக்கான அளவு, குழந்தைகளுக்கு உங்கள் டாக்டர் எழுதியதுதான். போட்டுவிட்டோம் என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது. அந்த ஊசி ஆறு மணி நேரம்போலத்தான் தாங்கும், உப்புத் தண்ணீர் ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

ஊசி வாங்கும்போது இன்னொரு ஏமாற்று நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இருப்பு வைக்க இரண்டாவது பாட்டில் வாங்கப் போனபோது ஒரு மெடிக்கலில் பால் மாதிரி கலங்கிய திரவத்தை எடுத்து வைத்து, "இதுவும் ஹைட்ரோகார்ட்டிசோன்தாம்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். லேபிளில் அசிட்டேட் என்று இருந்தது. அது மூட்டு வலிக்கு முழங்காலுக்குள் போடுவது, மெதுவாக வேலை செய்யும். நமக்கு வேண்டியது சோடியம் சக்சினேட், பொடியாக இருப்பது. அவசரத்துக்கு அது வேண்டும் என்று மறுத்ததற்கு, "டாக்டருக்கே தெரியாததா உனக்குத் தெரியுது" என்று ஒரு பேச்சு வேறு. பொடி இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். வாங்கியதை வண்டி டேஷ்போர்டில் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் உள்ளே அடுப்பாக இருக்கும். 25 டிகிரிக்குள் இருக்கிற இடத்தில் வையுங்கள்.

கேஸ் ஷீட் கேட்டு எழுதிக் கொடுத்தோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. முதலில் இல்லை என்றவர்கள், விதியைச் சொன்னதும் கொடுத்தார்கள். அதில் "வயிற்றுப்போக்கு, காய்ச்சல்" என்று மட்டும் இருக்கிறது. அடிசன் என்ற சொல்லே இல்லை. நான் நீட்டிய சீட்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை, இரண்டு மணிக்கு எடுத்த பிபியும் இல்லை. அதனால் இனிமேல் யாராவது போனால், சீட்டின் நகல் ஒன்றை வரவேற்பில் கொடுத்து, வாங்கியதற்கு நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட மறுத்தால், மறுத்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பல பேர் போட்டுவிடுவார்கள் என்று அந்த இளம் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படியும் போடவில்லை என்றால் அங்கே நிற்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். பில், கேஸ் ஷீட், அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை மூன்றையும் இணைத்திருக்கிறோம். அந்த மருத்துவமனை நிர்வாகம் போன் செய்து ஸ்கேன் பணத்தைத் திருப்பித் தருகிறோம், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்றது. வாங்கவில்லை.