ஈரக் குறும்பியா, உலர் குறும்பியா?

காட்பாடியில் ஒரு வீடு. அப்பா, அம்மா இருவருக்கும் காதுக் குறும்பி தேன் நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும். சின்ன மகளுக்கு மட்டும் சாம்பல் நிறத்தில், தவிடு மாதிரி உதிரும். "வேலூர் வெயில்ல காஞ்சு போச்சு" என்கிறார் பாட்டி. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

16ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதுதான் காரணம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் இதைக் கண்டறிந்தார்கள். ஈர வகை ஓங்கியது. ஒரு பிரதி இருந்தாலே போதும். உலர் வகைக்கு இரண்டு பிரதியும் வேண்டும். அந்தப் பெற்றோர் ஆளுக்கு ஓர் உலர் பிரதியை வெளியே தெரியாமல் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் உலர் வகை வர நான்கில் ஒரு வாய்ப்பு. மகளுக்கு இரண்டும் சேர்ந்துவிட்டன.

சீனா, கொரியாவில் உலர் வகையே அதிகம். ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் ஈர வகை. நம் பக்கம் இரண்டும் உண்டு. உலர் வகைக்காரர்களுக்கு அக்குள் நாற்றமும் குறைவு, அதே மரபணுதான் அங்கேயும் வேலை செய்கிறது. கொடுத்துவைத்தவர்கள்!

நிறம் பெரும்பாலும் வயதைத்தான் சொல்லும். புதிய ஈரக் குறும்பி மஞ்சள், நாள்பட்டது கரும்பழுப்பு. கருத்திருப்பதாலேயே நோய் என்று பயப்பட வேண்டாம். ஆனால் நாற்றத்தோடு சீழோ, ரத்தமோ வந்தால் அது எந்த வகைக் குறும்பியும் இல்லை. காது மருத்துவரிடம் போங்கள். ஹேர்பின், பட்ஸ் இரண்டு வகைக்கும் ஆகாது. ஈரக் குறும்பியை அவை இன்னும் உள்ளேதான் தள்ளும்.