பாட்டி நினைவு வீடியோ பண்ணக் கொடுக்கப் போறீங்களா? கேசட்டைக் கையில கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பாட்டியோட முதல் வருஷ நினைவு நாளுக்குப் போடலாம்னு ஒரு வீடியோ பண்ணக் கொடுத்தோம். பழைய போட்டோ ஒரு நாப்பது, பாட்டி அம்மாவுக்கு எழுதின கடிதம் பதினொண்ணு, அப்புறம் ஒரே ஒரு கேசட். அந்தக் கேசட்ல பாட்டி எங்களுக்குக் கதை சொல்றாங்க, நான் அப்போ நாலாவது படிச்சிட்டிருந்தேன், தாத்தா டேப் ரெக்கார்டர ஆன் பண்ணி வெச்சிட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டார். பண்ணினவங்க யாருன்னு சொல்லல, கேட்காதீங்க. என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்றேன்.

வீடியோ வந்துச்சு, டிவில போட்டோம். பாட்டி பேச ஆரம்பிச்ச உடனே அம்மா "இது அம்மா குரல் இல்லடி"ன்னாங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு ஆனா ஏன்னு சொல்லத் தெரியல. வார்த்தையெல்லாம் அவங்களோடதுதான், ஆனா யாரோ சின்ன வயசுப் பொண்ணு அவசர அவசரமா பேசற மாதிரி, அதுவும் தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி ஒரு கொளகொளப்பு. போன் பண்ணிக் கேட்டா "மேடம் உங்க கேசட்டே முப்பது வருஷப் பழசு, டேப் இழுத்துப் போயிருக்கும், நாங்க முடிஞ்ச அளவு க்ளீன் பண்ணிருக்கோம்"ன்னு சொல்லிட்டாங்க. சரி போலன்னு விட்டுருப்பேன். சித்தப்பா பையன் சவுண்ட் வேலை பாக்கறவன், அவன்தான் கேசட்டைத் திருப்பி வாங்குன்னு பிடிச்ச பிடியா நின்னான். அதை வாங்கவே மூணு வாரம் அலைஞ்சது தனிக் கதை, பாக்கிப் பணம் கொடுத்தாத்தான் கேசட்னு உக்காந்துட்டாங்க.

இப்போ அவன் என்ன பண்ணான்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இது யாரு வேணா வீட்லயே செஞ்சு பாக்கலாம். கேசட் பிளேயருக்குள்ள ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும், பழசானா அதும் மோட்டாரும் சேர்ந்து வேகத்தை மாத்திடும். வேகமா ஓடினா குரலோட சுருதியும் ஏறிடும், மெதுவா ஓடினா இறங்கிடும். எது சரியான வேகம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கரண்ட்ல ஓடற டேப் ரெக்கார்டர்ல பதிவு பண்ணா பின்னாடி மெல்லிசா ஒரு "ம்ம்ம்"னு இரைச்சல் விழுந்திருக்கும், அது கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ். (சில நாடுகள்ல 60, எங்க பதிவு 50 இருக்கற இடத்துல பண்ணினது.) அந்த இரைச்சல்தான் அளவுகோல்.

ஒரு சூட்சுமம் இருக்கு. இப்போ ஓட்டற பிளேயரும் கரண்ட்ல இருந்தா அதோட இரைச்சலும் 50லேயே வந்து நம்மள ஏமாத்திடும். அதனால அவன் பேட்டரில ஓடற வாக்மேன்ல போட்டு, லேப்டாப் சார்ஜரையும் கழட்டிட்டு ரெக்கார்ட் பண்ணான். Audacityங்கற சவுண்ட் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல பாட்டி பேசாம நிறுத்தற இடத்தை செலக்ட் பண்ணி Analyze மெனுல Plot Spectrum, அதுல Size 65536 வெச்சுப் பாத்தா கிராஃப்ல 49 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்துல ஒரு சின்ன மேடு. அதாவது எங்க வாக்மேன் கொஞ்சம் மெதுவா ஓடுது. ரெண்டு சதவீதம் வேகத்தை ஏத்தி அந்த மேட்டை 50க்குக் கொண்டு வந்தான், ப்ளே பண்ணான், அம்மா ஒண்ணும் சொல்லல, எழுந்து உள்ள போயிட்டாங்க.

அப்புறம் வீடியோவோட ஒப்பிட்டோம். ஒரு கதை எங்க பதிவுல 5 நிமிஷம் 18 செகண்ட், அவங்க வீடியோல சரியா 5 நிமிஷம். 318ஐ 300ஆல வகுத்தா 1.06, ஆறு சதவீதம் வேகம், அது கிட்டத்தட்ட அரை சுருதி ஏத்தம். நடுவுல வெட்டிருந்தாலும் நீளம் குறையும்ல, அதனால வெட்டு இல்லாத ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்தும் அளந்தான், அதே விகிதம்தான். ஆக டேப் இழுத்துப் போகல, அவங்க பிளேயர்தான் ரிப்பேர். ஓட்டிப் பாத்தவங்க யாரும் காது கொடுத்துக் கேட்கவே இல்ல.

வெட்டும் இருந்துச்சு, அதான் எனக்கு வயித்தெரிச்சல். இன்னொரு கதை நடுவுல பாட்டி நிறுத்தி "டேய் அந்தக் கதவைச் சாத்துடா, காத்து அடிக்குது"ம்பாங்க, ஒரு தடவை செருமிக்குவாங்க, "எதுல விட்டேன்"னு கேப்பாங்க. மூணையும் தூக்கிட்டாங்க. கேட்டா "டிஸ்டர்பன்ஸ் மேடம்". அந்தக் கொளகொளப்பும் இரைச்சலைக் குறைக்கறேன்னு ஃபில்டரை அளவுக்கு மீறி ஏத்தினதால வர்றதுதான். இரைச்சலை முழுசாத் துடைக்கப் போனா "ஸ", "ஷ", மூச்சு எல்லாம் சேர்ந்து போயிடும், ஏன்னா அதுங்களும் காத்துச் சத்தம்தான். கொஞ்சம் இரைச்சல் மிச்சம் வெச்சாத்தான் மனுஷக் குரல் மிஞ்சும். அது மேல வேற வயலின் மியூசிக், பாட்டி பேசும்போதும் நிக்காம.

கடிதத்துல இன்னொரு கூத்து. கையெழுத்தைக் காட்டுங்கன்னுதான் சொன்னோம், அவங்க "படிக்க ஈசியா" இருக்கும்னு டைப் அடிச்சு அழகான ஃபான்ட்ல போட்டிருந்தாங்க. பாட்டி கடைசி வரைக்கும் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தின எழுத்துதான், னை, லை எல்லாம் மேல யானைத் துதிக்கை மாதிரி வளைஞ்சிருக்கும். டைப் அடிச்ச தம்பிக்கு அது தெரியல போல, கொம்பை விட்டுட்டார். "என்னை நினைச்சு" "என்ன நினச்சு" ஆயிடுச்சு, "கவலை" "கவல" ஆயிடுச்சு. ஒரு பிழை இல்லாம எழுதறவங்க பாட்டி. தம்பி மேல கோவம் இல்ல, டைப் பண்ணதை எங்க கிட்ட ஒரு தடவை காட்டிருந்தா அம்மா அஞ்சு நிமிஷத்துல திருத்திருப்பாங்க.

போட்டோ மங்கலா இருந்ததுல பாதித் தப்பு எங்களோடது, வாட்ஸாப்ல சாதாரணமா அனுப்பிட்டோம், டாக்குமெண்டா அனுப்பிருந்தா சுருங்கிருக்காது.

கேசட்ல இருந்து எடுத்து இன்னும் கை வைக்காத ரா ஃபைல் கொடுங்கன்னு கேட்டதுக்கு "அதெல்லாம் ஃபார்மேட் பண்ணிட்டோம், ரொம்பப் பெருசு மேடம்"னாங்க. ஒரு மணி நேரக் கேசட், சுருக்காத வேவ் ஃபைலா வெச்சா 650 எம்பி கூட வராது. ஒரு பென்டிரைவ்ல எத்தனை கேசட் போகும்னு நீங்களே பாத்துக்கோங்க.

கொடுக்கறதா இருந்தா, முதல்ல வீட்லயே ஒரு தடவை கேசட்டை ஓட்டிப் பதிவு பண்ணி வெச்சுக்கோங்க, வாக்மேன் மட்டமா இருந்தாலும் பரவால்ல. அப்புறம் வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் குரல் மட்டும், மியூசிக் இல்லாம, ஃபில்டர் போடாம அனுப்பச் சொல்லுங்க, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்களோட பழகின யாராவது கண்ணை மூடிக் கேட்கட்டும். எதை வெட்டினாலும் கேட்டுட்டு வெட்டணும், ரா ஃபைலும் கேசட்டும் பாக்கிப் பணம் கொடுக்கற அதே நாள் கைக்கு வரணும்னு எழுத்துல வாங்கிக்கோங்க. நாங்க வாய் வார்த்தையா விட்டதுல மாட்டினோம்.

வீடியோவை இப்போ சித்தப்பா பையனே திரும்பப் பண்ணிட்டிருக்கான், நினைவு நாள் போயே போச்சு. கதவு சாத்தச் சொல்றது உள்ள இருக்கு. அந்தக் கதவைச் சாத்த ஓடினது நான்தான், கேசட்ல என் காலடிச் சத்தம் கூட விழுந்திருக்கு, அதையும் அவங்க டிஸ்டர்பன்ஸ்னு துடைச்சிருந்தாங்க.