விளக்கீட்டுக்குக் கண்ணாடிக் கூடு வாங்கப் போகிறவர்கள் கவனம்

திருகோணமலையில் கார்த்திகை விளக்கீடு வாடைக்காற்றோடுதான் வரும். எங்கள் வீடு உவர்மலையில், கடற்பக்கம். கேற்றடி வாழைக்குற்றியில் வைக்கும் பெரிய விளக்கு எப்படியும் தாக்குப்பிடிக்கும். படலையிலிருந்து வாசல்வரை நடைபாதையோரம் வைக்கிற சிட்டிகள்தான் ஏற்ற ஏற்ற அணையும்.

போன முறை நகரத்தில் ஒரு பரிசுப்பொருள் கடையில் 'காற்றுக்கு அணையாத விளக்குக் கூடு' என்று 24 கண்ணாடிகள் வாங்கினோம், ஒன்று 450 ரூபாய். கடைக்காரர் மேசை விசிறியைப் போட்டு எரிய வைத்தும் காட்டினார். ஆனால் உள்ளே வைத்துக் காட்டியது டீலைட் மெழுகுதிரி. அதன் சுடர் நடுவில் நிற்கும். சிட்டியின் திரியோ மூக்கு விளிம்பில் கிடக்கும். 7 சென்டிமீற்றர் அகலக் கூட்டுக்குள் 6 சென்டிமீற்றர் சிட்டியை இறக்கினால், சுடருக்கும் கண்ணாடிக்கும் இடையில் விரல்கூட நுழையாது.

அன்றிரவு நடந்தது இதுதான். சுடர் பட்ட பக்கம் முதலில் கறுத்தது. அந்தப் பக்கம் கொதிக்க, மறுபக்கம் காற்றில் குளிர்ந்தே இருந்தது. மெல்லிய சாதாரணக் கண்ணாடி இந்த இழுபறியைத் தாங்காது. தூறல் விழுந்ததும் டிக் டிக்கென்று வெடிக்கத் தொடங்கின. துண்டுகள் விழுந்து சிட்டிகள் சரிந்து, தேங்காய் எண்ணெய் பாதையெல்லாம் ஓடியது. விளக்கீட்டன்று பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித்திரிவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வெடிக்காதவற்றிலும் பாதி அணைந்துபோயின. சுடரின் நுனி கண்ணாடி விளிம்புக்கு ஒட்டினாற்போல் நின்றதால், மேலால் போன காற்று உள்ளே சுழன்று ஊதிவிட்டது.

திருப்பிக் கொண்டுபோனால், "எண்ணெய் கூட விட்டிருப்பீங்கள் அக்கா, கண்ணாடிச் சாமான் நாங்கள் திருப்பி எடுக்கிறதில்லை" என்றார். கூட்டின் அடியில் ஒட்டியிருந்த விலைத்துண்டை உரித்துப் பார்த்தேன். டீலைட்டுக்கு மட்டும் என்று கம்பனியே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது! அதன்மேல்தான் விலையை ஒட்டியிருந்தார்கள். அதைக் காட்டிய பிறகும் காசு வரவில்லை.

அதனால் வாங்கப் போகும்போது வீட்டுச் சிட்டியையே கொண்டுபோங்கள். உள்ளே வைத்தால் மூக்கிலிருந்து கண்ணாடி வரைக்கும் இரண்டு விரல் இடமாவது வேண்டும். சுடர் நுனிக்கு மேல் இன்னொரு சுடர் உயரத்துக்குக் கண்ணாடி நிற்க வேண்டும். அதற்காக ஒடுங்கிய உயரக் குழாயை எடுத்துவிடாதீர்கள். அடி மூடியிருப்பதால் காற்றோட்டம் இல்லாமல் சுடர் மங்கிப் புகைதான் கக்கும். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு உலர்ந்த மணல் போட்டால் சிட்டி ஆடாது, சிந்தும் எண்ணெயையும் அதுவே குடித்துவிடும். திரியைக் கொஞ்சமாக மட்டும் வெளியே இழுத்து விடுங்கள், சுடர் சின்னதாக நிற்கும். தூறல் நாளில் எந்தக் கண்ணாடியானாலும் மேலே கூரை உள்ள இடத்தில் மட்டும்தான். விலைத்துண்டை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.