களமிறங்காத பேட்டர் மேல் பந்தயம்: டாப் பேட்டரா, ரன் லைனா?

2019 ஆகஸ்ட், லார்ட்ஸ், ஆஷஸ் இரண்டாவது டெஸ்ட். ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்னில் இருந்தபோது ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் அவர் கழுத்தில் பட்டது. வெளியே போனார், திரும்பி வந்து ஆடி 92இல் அவுட் ஆனார். கடைசி நாள் காலையில் கன்கஷன் அறிகுறி காரணமாக ஆட்டத்திலிருந்தே விலகினார். அவருக்குப் பதில் வந்த மார்னஸ் லபுஷேன் இரண்டாவது இன்னிங்ஸில் 59 அடித்தார்.

அந்த இரண்டாவது இன்னிங்ஸுக்கு ஸ்மித் மேல் முன்கூட்டியே இரண்டு பந்தயங்கள் கட்டியிருந்ததாக வைத்துக்கொள்வோம். ஒன்று, ஆஸ்திரேலியாவின் டாப் பேட்டர், அதாவது அணியில் அதிக ரன் அடிப்பவர், அவர்தான் என்று. இன்னொன்று, ரன் லைனில், அதாவது நிறுவனம் வைக்கும் குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் அடிப்பார் என்று. பெரும்பாலான பந்தய நிறுவனங்களின் வழக்கமான விதிப்படி முதல் பணம் போய்விடும், இரண்டாவது பணம் அப்படியே திரும்பி வரும். இரண்டிலும் ஆள் ஒருவர்தான், ஆடாத இன்னிங்ஸும் ஒன்றுதான். ஆனாலும் முடிவு நேரெதிர். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

டாப் பேட்டர் பந்தயத்தில் பார்க்கப்படுவது பிளேயிங் லெவன். பட்டியலில் பெயர் இல்லை என்றால் பந்தயம் ரத்து, பணம் வாபஸ். பெயர் இருந்தால் பந்தயம் உயிரோடு இருக்கிறது. அதன் பிறகு அவர் பேட் பிடிக்கவே இல்லை என்றாலும் அது தோல்விதான். ரன் லைனில் பார்க்கப்படுவது பந்து. அவர் ஒரு பந்தையாவது சந்தித்திருக்க வேண்டும், அல்லது சந்திக்கும் முன்பே ரன் அவுட் போல அவுட் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் ரத்து. சில நிறுவனங்கள் கிரீஸில் நின்றாலே போதும், எதிர்முனையில் இருந்தாலும் கணக்குதான் என்று எழுதி வைத்திருக்கின்றன.

ஆக, களமிறங்க வாய்ப்பே வராமல் போகும் ஆபத்தை டாப் பேட்டரில் சுமப்பவர் நீங்கள். ரன் லைனில் அந்த ஆபத்து யாருக்கும் இல்லை, பந்தயமே நடக்காதது போல ஆகிவிடும்.

டி20இல் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 150 ரன் துரத்தும் அணியில் ஐந்தாவதாக வரும் பேட்டர். டாப் பேட்டர் ஆட்ஸ் 8.00, அதாவது வென்றால் கட்டிய பணம் எட்டு மடங்காகத் திரும்பும். ரன் லைன் 17.5, மேலே கீழே இரண்டுக்கும் 1.87. இரண்டிலும் அவருக்கு ஆதரவாகத் தலா 100 கட்டுகிறீர்கள். முதல் நான்கு பேரே ஆட்டத்தை முடித்துவிட்டால் டாப் பேட்டரில் 100 நஷ்டம், ரன் லைனில் 100 திரும்பி வரும். சரி, இது ஒரு பாதுகாப்பு.

ஆனால் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். நான்கு ரன் தேவைப்படும் நேரத்தில் மூன்றாவது விக்கெட் விழுகிறது, அவர் வருகிறார், முதல் பந்திலேயே பவுண்டரி அடித்து ஆட்டத்தை முடிக்கிறார். அவர் ஸ்கோர் 4 நாட் அவுட். இலக்கை எட்டியதால் முடிந்த இன்னிங்ஸ் என்பதால் அந்த 4தான் இறுதிக் கணக்கு. மேலே கட்டியவருக்குத் தோல்வி, கீழே கட்டியவருக்கு வெற்றி. ரத்து விதி காப்பாற்றுவது பேட்டிங்கே வராத வீரரை மட்டும்தான், தாமதமாக வருபவரை அல்ல. நடு வரிசை வீரர் மேல் 'மேலே' கட்டும் பலர் கவனிக்காத இடம் இதுதான். கீழே கட்டியவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அவர் ஆடவே இல்லை என்றால் பூஜ்யம் என்று வைத்து உங்களுக்கு வெற்றி தர மாட்டார்கள், பணம் வாபஸ் மட்டுமே.

லைன் எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாறும் இன்னொரு விஷயம் சராசரி. ஒரு தொடக்க வீரரின் சராசரி 32 இருக்கும், லைன் 22.5 என்று போட்டிருப்பார்கள். இவ்வளவு தாழ்வாகக் கொடுக்கிறார்களே என்று மேலே கட்டத் தோன்றும். ஒரு பேட்டரின் ஸ்கோர்களை வரிசைப்படுத்தினால் சின்ன எண்கள் நிறைய, பெரிய எண்கள் கொஞ்சம். அந்தச் சில பெரிய ஸ்கோர்கள் சராசரியை மேலே இழுக்கின்றன. நாட் அவுட்களும் அதை உயர்த்துகின்றன. லைன் நிற்பதோ நடு எண்ணில், அதாவது பாதி இன்னிங்ஸ்கள் அதற்குக் கீழே, பாதி மேலே. ஒவ்வொரு ரன்னிலும் அவுட் ஆகும் வாய்ப்பு ஒரே அளவு என்று எளிமையாகக் கொண்டால் நடு எண் சராசரியில் ஏறக்குறைய 70 சதவீதம். 32க்கு அது 22. ஆக 22.5 நியாயமான லைன்தான். அந்த அரிய பெரிய ஸ்கோருக்கு மதிப்பு கிடைப்பது டாப் பேட்டரில். லைனில் 23 அடித்தாலும் 123 அடித்தாலும் கிடைப்பது ஒன்றே. அடித்தால் பெரிதாக, இல்லையென்றால் சீக்கிரம் அவுட் என்று ஆடும் தொடக்க வீரருக்கு நான் டாப் பேட்டரைத்தான் பார்ப்பேன். தவறாமல் 25, 30 எடுத்துவிட்டுப் போகிறவருக்கு லைன்.

டாப் பேட்டரில் நிறுவனம் எடுக்கும் பங்கு அதிகம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1.87 இருபக்கமும் என்றால் 100ஐ 1.87ஆல் வகுத்து இரண்டையும் கூட்டுங்கள், சுமார் 107 வரும். 100க்கு மேல் உள்ள 7தான் நிறுவனத்தின் பங்கு. டாப் பேட்டரில் எல்லா வீரர்களுக்கும் இதையே செய்து கூட்டினால் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே கூடுதலாக வரும். போதாததற்கு சமநிலை விதி வேறு. இரண்டு பேர் 47இல் சமமாக நின்றால் உங்கள் 100 பாதியாகப் பிரியும், 50க்கு மட்டும் ஆட்ஸ் கிடைக்கும், மீதி 50 தோல்வி.

அப்புறம், டாஸுக்கு முன்பே ஒருவர் விலகினால்? அவர் மேல் கட்டிய இரண்டு பந்தயமும் ரத்து. இங்கே டாப் பேட்டருக்கு ஒரு சாதகம் ஒளிந்திருக்கிறது. முன்னணி வீரர் இல்லாமல் போனால் அதே அணியின் மற்றவர்கள் மேல் ஏற்கெனவே கட்டியவை பழைய, உயர்ந்த ஆட்ஸிலேயே பொதுவாக நிற்கும். போட்டியாளர் ஒருவர் குறைந்துவிட்டார், விலை மாறவில்லை. காயத்தோடு இருக்கும் நட்சத்திரத்தின் அணியில் இரண்டாவது தேர்வை முன்கூட்டியே எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஒருவர் விலகினால் ஆட்ஸைக் குறைப்போம் என்ற வரி விதியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது லபுஷேன் மாதிரி பட்டியலில் இல்லாமல் வந்து ஆடுபவரிடம். அந்த இன்னிங்ஸில் டிராவிஸ் ஹெட் 42 நாட் அவுட். மாற்று வீரரையும் கணக்கில் சேர்க்கும் நிறுவனத்தில் டாப் பேட்டர் லபுஷேன், சேர்க்காத இடத்தில் ஹெட். ஐபிஎல்லில் 2023 முதல் உள்ள, ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதில் இறக்கப்படும் இம்பேக்ட் பிளேயரால் இதே கேள்வி ஆட்டத்துக்கு ஆட்டம் எழலாம். அதனால் டாப் பேட்டர் கட்டும் முன் தேட வேண்டிய வரி, மாற்று வீரர் பற்றியது. ரன் லைன் கட்டும் முன் தேட வேண்டியது, மழையால் ஓவர் குறைந்தால் என்ன என்பது. லைனை ஏற்கெனவே தாண்டியிருந்தால் மேலே கட்டியது வழக்கமாக நிற்கும், தாண்டாமல் நாட் அவுட்டாக இருந்தால் வழக்கமாக ரத்து.