ஒரே விலையில் மூன்று பேட்: படங்களை வைத்து எதை வாங்கலாம்?

ஏற்கெனவே பயன்படுத்திய கிரிக்கெட் பேட்டைப் படம் பார்த்து வாங்குகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வகைதான் வந்து நிற்கும். முதலாவது, பெரிய நிறுவனத்தின் ஸ்டிக்கரோடு ஒன்பது நேர்க்கோடுகள் ஓடும் அழகான பேட். இரண்டாவது, யாரும் அதிகம் கேள்விப்படாத தயாரிப்பாளருடையது. ஆறே கோடுகள், ஒரு ஓரத்தில் சிவப்பு, நடுவே பழுப்புப் புள்ளி. மூன்றாவது வெள்ளைவெளேர் என்று இருக்கும், எட்ஜ் தடியாக இருக்கும், 'இங்கிலிஷ் வில்லோ' என்று மரத்தின் பெயர் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். மூன்றுக்கும் ஒரே விலை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் பணம் வேறு என்பதால், பெயர் பெறாத ஒரு நல்ல முதல் தர இங்கிலிஷ் வில்லோ பேட்டின் புது விலையை 100 என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் இந்த மூன்றுக்கும் கேட்கும் விலை 60.

பார்த்தவுடன் மனம் முதல் பேட்டுக்குத்தான் போகும். நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன், அதுவும் 60க்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்டிக்கரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 'பிளேயர்ஸ்', 'ரிசர்வ்', 'லிமிடெட் எடிஷன்' போன்ற சொற்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவர் 'பிளேயர்ஸ்' என்று விற்கும் மரத்தை இன்னொருவர் வெறும் முதல் தரம் என்று விற்கலாம். ஸ்டிக்கரை உரித்து வேறொன்றை ஒட்டுவதும் சுலபம். பெரிய ஆட்டக்காரர்களே சில சமயம் ஒருவர் செய்த பேட்டில் இன்னொரு நிறுவனத்தின் ஸ்டிக்கரோடு ஆடுகிறார்கள். ஸ்டிக்கரில் நான் பார்ப்பது ஒன்றுதான்: பேட்டின் வயதும் ஸ்டிக்கரின் வயதும் ஒத்துப்போகிறதா? முகமெல்லாம் பந்துத் தடம் இருக்க, ஸ்டிக்கரில் ஒரு கீறல்கூட இல்லையென்றால் அது பின்னால் ஒட்டியது.

அடுத்து கோடுகள். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கிரெயின் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு கோடும் அந்த வில்லோ மரம் வளர்ந்த ஒரு வருடம். பேட்டின் அகலம் அதிகபட்சம் 10.8 செ.மீ. அதில் ஒன்பது கோடுகள் இருந்தால் மரம் வருடத்துக்குச் சுமார் 12 மி.மீ. வளர்ந்திருக்கிறது; ஆறு என்றால் சுமார் 18 மி.மீ. அதாவது முதல் பேட் மெதுவாக வளர்ந்த மரம், இரண்டாவது வேகமாக வளர்ந்த மரம். நெருக்கமான கோடுகள் கொண்ட பேட் சீக்கிரமே பதத்துக்கு வந்து நன்றாக அடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயவும் கூடும் என்பது ஆட்டக்காரர்களின் பொதுவான அனுபவம். அகலமான கோடுகள் கொண்டது பழகக் கொஞ்சம் நாள் எடுக்கும், பொதுவாக அதிக நாள் உழைக்கும்.

தரம் பிரிப்பது பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான். கோடுகள் நேராக இருக்கின்றனவா, எத்தனை, நிறம் ஒரே சீராக இருக்கிறதா, புள்ளியோ கறையோ உண்டா என்று பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிறார்கள். பந்து எப்படித் துள்ளும் என்பதை அந்தப் பிரிப்பு அளப்பதில்லை. இரண்டாவது பேட்டின் ஓரத்தில் இருக்கும் சிவப்பு, மரத்தின் நடுப்பகுதியான வைரம். வெளிப்பகுதியைவிட அது சற்று அடர்த்தியானது, அவ்வளவுதான். பழுப்புப் புள்ளியும் பட்டாம்பூச்சிக் கறையும் பெரும்பாலும் தோற்றக் குறைகளே. இரண்டாம் தர பேட் முதல் தர பேட்டுக்குச் சமமாக அடிப்பது சகஜம். மரத்தை எவ்வளவு அழுத்தினார்கள், எப்படிச் செதுக்கினார்கள் என்பதற்கு அதில் பெரிய பங்கு உண்டு, அது எந்தப் படத்திலும் தெரியாது. அதனால் ஆறு கோடுகளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அந்தக் குறைதான் உங்களுக்கு விலையைக் குறைத்துத் தருகிறது.

கோடுகள் உண்மையானவையா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. முகத்தில் ஓடும் கோடு மரத்தின் உள்ளேயும் போகும். ஆகவே பேட்டின் அடிமுனையில் அதே கோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடுவது தெரிய வேண்டும். பின்பக்கத்திலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். முகத்தில் ஒன்பது, பின்னால் நான்கு மங்கல் கோடு என்றால் சந்தேகப்படுங்கள். விலை குறைந்த காஷ்மீர் வில்லோ உடலின் மேல் மெல்லிய இங்கிலிஷ் வில்லோ பலகையை ஒட்டி விற்பதும் உண்டு. எட்ஜை நெருக்கத்தில் எடுத்த படத்தில் முகத்துக்கு இணையாக நீளமாக ஒரு பசைக்கோடு ஓடினால் அது அந்த ரகம். முதல் பேட்டில் பின்பக்கக் கோடுகள் பொருந்துகின்றன, எட்ஜிலும் பசைக்கோடு இல்லை. நல்ல முதல் தர மரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மூன்றாவதில் கோடே தெரியவில்லை. முகம் முழுக்க நார்த்துணி ஒட்டியிருக்கிறது. அப்படி ஒட்டுவது தப்பில்லை, முகத்தைப் பாதுகாக்கும். ஆனால் சுமாரான மரத்தை மறைக்கவும் அதுவே வசதி. மறைக்காத தோள்பட்டையையும் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே சுண்ணாம்பு பூசியது போல் ஒரே வெள்ளை, இளமஞ்சள் சாயலே இல்லை என்றால் வெளுத்த மரமாக இருக்கலாம்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். மஞ்சள் விளக்கடியில் எடுத்தால் எந்த வில்லோவும் காஷ்மீர் போலத்தான் தெரியும். படத்தில் இருக்கும் வெள்ளை கிரிப்போ ஸ்டிக்கரின் வெள்ளை எழுத்தோ மஞ்சளாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் தடவிய பழைய இங்கிலிஷ் வில்லோவும் தேன்நிறமாகிவிடும். கைப்பிடி பிளேடுக்குள் இறங்கும் இடத்தில் எண்ணெய் தடவக் கூடாது என்பதால், மரத்தின் சொந்த நிறம் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

நிறத்தைவிட எடை நம்பகமானது. காஷ்மீர் வில்லோ பொதுவாக அடர்த்தி கூடியது, அதனால் அதே அளவுக்கு அதிகம் கனக்கும். மூன்றாவது பேட்டைத் தராசில் வைத்துப் படம் கேட்டால் 1.35 கிலோ என்று வருகிறது, அதுவும் பின்பக்கத்தை ஆழமாகக் குடைந்த பிறகு! அவ்வளவு குடைந்தும் இவ்வளவு கனம் என்றால், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் நான் அதைக் காஷ்மீர் என்றே கணக்கு வைப்பேன். எட்ஜ் 43 மி.மீ. என்று விற்பவர் சொல்வதும் அவருக்கு எதிரான சாட்சிதான். 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி எட்ஜ் 40 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒன்று அளவு பொய், இல்லையென்றால் அந்த பேட்டோடு விதிப்படி நடக்கும் ஆட்டத்தில் இறங்க முடியாது. கைபேசியை எட்ஜுக்கு மிக அருகில் வைத்து எடுத்தால் அது பெரிதாகத் தெரியும். ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொன்னால் தெளிவாகிவிடும்.

சரி, கைப்பிடிக்கு வருவோம். வாங்குபவர்கள் மிகக் குறைவாகக் கேட்கும் படம் இதுதான். என்னைக் கேட்டால் விலையை அதிகம் மாற்றுவதும் இதுதான்.

கிரிப்பை மேலிருந்து இரண்டு விரலளவு கீழே உருட்டிவிட்டு கைப்பிடியின் தலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல கைப்பிடியில் ஒன்பது அல்லது பன்னிரண்டு பிரம்புத் துண்டுகள் ஒட்டியிருக்கும். இடையே ரப்பரோ கார்க்கோ கோடாகத் தெரியும், அதிர்வைக் குறைப்பது அதுதான். பிரம்பின் வெட்டு முகத்தில் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். சாதாரண மரத்துண்டில் அப்படி இருக்காது. இரண்டாவது பேட்டின் விற்பனையாளர் கேட்காமலே இந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்: பன்னிரண்டு துண்டு, இடைவெளி இல்லாத ஒட்டு. மூன்றாவதில் நடுவே ஒரு பிரம்பு, இரு பக்கமும் மரம்.

முதல் பேட்டின் சிக்கல் இங்கேதான் வெளியே வந்தது. கிரிப்பை இறக்கிய படத்தில் கைப்பிடியைச் சுற்றிய நூல் பளிச்சென்று புதிதாக இருக்கிறது, பிளேடோ நிறைய ஆடி மஞ்சளாகியிருக்கிறது. கைப்பிடி பிளேடுக்குள் இறங்கும் 'வி' வடிவ இணைப்பில் மயிரிழைக்குப் பதிலாகத் தடித்த பசைக்கோடு. கைப்பிடி உடைந்து மாற்றியது, அல்லது இணைப்பு விட்டுப்போய் மறுபடி ஒட்டியது. திறமையான ஆள் மாற்றியிருந்தால் அது பல காலம் நிற்கும். ஆனால் யார் மாற்றினார் என்று படம் சொல்லாது. அடிமுனையைத் தரையில் ஊன்றி கைப்பிடியை மெல்ல அழுத்தும் ஒரு சின்ன காணொளி கேளுங்கள். அந்தக் கோடு கொஞ்சம் விரிந்தாலோ கிறீச்சென்று சத்தம் வந்தாலோ அந்த பேட் எனக்கு வேண்டாம்.

விலைக்கு வருவோம். புது பேட்டின் பெயருக்காகக் கொடுத்த பணம் மறுவிற்பனையில் எனக்குக் கணக்கில்லை. மரமும் கைப்பிடியும்தான் கணக்கு. பயன்படுத்தியது, ஆனால் இணைப்பும் அடிமுனையும் பத்திரமாக உள்ளது என்றால் அதன் புது விலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தரலாம். இது என் வழக்கம், சட்டமில்லை. முதல் பேட் பழுதில்லாமல் இருந்தால் 65 வரை போகலாம். இன்னொரு முறை கைப்பிடி மாற்ற நேரும் செலவையும் அபாயத்தையும் கழித்தால் 45. இரண்டாவதைப் போன்ற இரண்டாம் தர பேட் புதிதாக 75 என்று வைத்தால், இப்போது 50 நியாயம். மூன்றாவதற்கு நல்ல காஷ்மீர் பேட்டின் புது விலை 28 என்று எடுத்தாலும் 17, 18க்கு மேல் தர மாட்டேன்.

ஆக, இரண்டாவது பேட்டுக்கு 48 என்று ஆரம்பித்து 52 வரை போவேன். முகத்தில் தெரியும் மெல்லிய கீறல்களுக்காக விலை குறைக்கக் கேட்க மாட்டேன், ஆடிய பேட்டில் அவை இருக்கத்தான் செய்யும். அடிமுனை வீங்கியிருந்தால் மட்டும் பேச்சு மாறும். வீக்கம் என்றால் ஈரம் ஏறியிருக்கிறது, அடுத்து அங்கேதான் பிளக்கும். அதனால் பணம் அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு படம் கூடுதலாகக் கேட்பேன்: அடிமுனையைப் பக்கவாட்டிலிருந்து, பகல் வெளிச்சத்தில்.