கொழும்புக்கு யார் கொடுத்த ஸ்வாப் உதவியது?

2022 ஏப்ரலில் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் கொழும்பு வியாபாரம் செய்பவர் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். சரக்கு கொழும்புத் துறைமுகத்தில் கிடக்கிறது, வாங்கியவரிடம் இலங்கை ரூபாய் இருக்கிறது, ஆனால் அவருடைய வங்கியில் டாலர் இல்லை. அப்போது ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, சீனாக்காரன் 150 கோடி டாலர் கொடுத்திருக்கான்னு பேப்பர்ல வந்துச்சே, அது எங்கே போச்சு?"

நியாயமான கேள்வி. பணம் எங்கேயும் போகவில்லை, கணக்கிலேயே இருந்தது. ஆனால் தொட முடியாது. ஒரே நெருக்கடியில், ஒரே நாட்டுக்கு, ஸ்வாப் என்ற ஒரே பெயரில் மூன்று இடங்களிலிருந்து பணம் வந்தது. மூன்றும் நடந்துகொண்ட விதம் வேறு. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பெரியவருக்குப் பதில் கிடைக்கும்.

ஸ்வாப் நடக்கும் முறை எளிது. இரண்டு மத்திய வங்கிகள் அன்றைய விலைக்குத் தங்கள் நாணயங்களை மாற்றிக்கொள்கின்றன. தவணை முடிந்ததும் அதே விலைக்குத் திருப்பி மாற்றிக்கொள்கின்றன. நடுவில் ரூபாய் எவ்வளவு விழுந்தாலும் அசல் கணக்கு மாறாது. டாலர் வாங்கியவர் வட்டி கொடுப்பார். தன் நாட்டு வங்கிகளுக்கு அந்த டாலரைக் கொடுத்து, அவை திருப்பித் தராவிட்டால் நட்டத்தைச் சுமப்பதும் அவர்தான். ஆக, இது குறுகிய காலக் கடன்.

சீனாவிலிருந்து தொடங்குகிறேன், தொகையில் அதுதான் பெரியது. 2021 மார்ச்சில் மக்கள் சீன வங்கியும் இலங்கை மத்திய வங்கியும் 1,000 கோடி யுவானுக்கு மூன்று வருட ஒப்பந்தம் போட்டன. அன்றைய விலையில் சுமார் 150 கோடி டாலர். அந்த வருடக் கடைசியில் இலங்கை அதை எடுத்துக்கொண்டது. நவம்பர் முடிவில் 160 கோடி டாலராக இருந்த வெளிநாட்டு நாணயக் கையிருப்பு, டிசம்பர் முடிவில் 310 கோடி ஆனது. செய்தியில் ஏறிய தொகை கிட்டத்தட்ட இந்த யுவான்தான்.

இதில் இரண்டு முட்டுக்கட்டைகள். யுவானைக் கொண்டு சீனச் சரக்குக்குப் பணம் கட்டலாம். டீசலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் கட்ட முதலில் அதை டாலராக்க வேண்டும். அதைவிடப் பெரியது நிபந்தனை. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் இந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்பது அது. 2022-இல் மத்திய வங்கி ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்கதான் இதை வெளிப்படையாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021-இல் இலங்கையின் இறக்குமதி சுமார் 2,000 கோடி டாலர். மூன்று மாதத்துக்கு 500 கோடி வேண்டும். 2022 ஏப்ரல் முடிவில் மொத்தக் கையிருப்பு, யுவானையும் சேர்த்தே, 180 கோடிதான். 500 கோடி கையில் இருக்கிற நாட்டுக்கு இந்த ஸ்வாப் எதற்கு? தேவை வரும் நாளில் திறக்காத பூட்டு அது.

மே மாதம் நிதி அமைச்சர் அலி சப்ரி, செலவழிக்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 180 கோடிக்கும் 5 கோடிக்கும் நடுவிலிருந்த இடைவெளியில்தான் நம் ஊர்க்காரர்களின் பாக்கி மாட்டிக்கொண்டது.

இந்தியாவின் தொகை சின்னது. சார்க் நாடுகளுக்கென்று ரிசர்வ் வங்கி 2012 முதல் 200 கோடி டாலர் வரை ஒதுக்கி வைத்திருக்கும் திட்டம் அது; அதில் இலங்கையின் உச்சவரம்பு 40 கோடி. ஆனால் வந்தது டாலர், எந்த இறக்குமதிக்கும் உடனே செலவழிக்கலாம். 2022 ஜனவரி 13-இல் அந்த 40 கோடியைக் கொடுத்ததோடு, அண்டை நாட்டு மத்திய வங்கிகள் வர்த்தகப் பாக்கியைக் கழித்துத் தீர்த்துக்கொள்ளும் ஆசிய தீர்வு ஒன்றியம் வழியாக இலங்கை கட்ட வேண்டியிருந்த 50 கோடிக்கும் மேற்பட்ட தொகைக்கும் அவகாசம் கொடுத்தது. என்னைக் கேட்டால் அந்த மாதத்தில் உண்மையாக மூச்சுவிட வைத்தவை இவை இரண்டும்தான், குறிப்பாக இரண்டாவது. வர வேண்டிய டாலரைக் கேட்காமல் இருப்பதும் டாலர் கொடுப்பதற்குச் சமம்.

இந்தியப் பணத்துக்கும் கடிவாளம் உண்டு. 2020-இல் வாங்கிய 40 கோடியை 2021 பிப்ரவரியில் இலங்கை திருப்பிக் கட்டியது. மேலும் நீட்டிக்க சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப். உடன்பாடு வேண்டும் என்பது விதி, அது இலங்கையிடம் அப்போது இல்லை. அன்று இதைக் கெடுபிடி என்று பலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று மாதக் கடனை வருடக்கணக்காக உருட்டிக்கொண்டே போனால் அது வருமானக் குறைவை மறைக்கும், தீர்க்காது. ஐ.எம்.எஃப். பக்கம் ஒரு வருடம் முன்பே போயிருந்தால் இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன். போகத் தாமதித்ததால் 2022 ஏப்ரல் 12-இல் வெளிக்கடன் தவணையை நிறுத்தி, 2023 மார்ச்சில்தான் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

வங்கதேசம் 2021-இல் 20 கோடி டாலர் கொடுத்தது. மூன்று மாதத்தில் திரும்ப வேண்டியது பலமுறை தள்ளிப்போய், 2023-இல் வட்டியோடு முழுவதும் அடைந்தது. கொடுத்தவருக்கே டாலர் தேவைப்பட்ட காலம் அது.

இங்கேதான் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் ஸ்வாப் தனியாக நிற்கிறது. ரிசர்வ் வங்கியும் வங்கதேச வங்கியும் தாங்கள் சேர்த்து வைத்த டாலரிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றன, அதனால் வரம்பு போட்டே ஆக வேண்டும். டாலரை வெளியிடுபவருக்கு அந்தக் கவலை இல்லை. 2008 அக்டோபரில் தென் கொரியாவுக்கு 3,000 கோடி டாலர் வரை என்று ஃபெட் அறிவித்ததும், பணம் கைக்கு வருவதற்கு முன்பே, ஒரே நாளில் கொரிய நாணயமான வோன் 10 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. கொரியாவிடம் அப்போது 20,000 கோடிக்கும் மேல் சொந்தக் கையிருப்பு இருந்தது. அதைவிட அந்த அறிவிப்புக்குத்தான் சந்தை மதிப்புக் கொடுத்தது. ஆனால் இந்த வாசல் எல்லோருக்கும் திறக்காது. நிரந்தர வசதி ஐந்து மத்திய வங்கிகளுக்குத்தான். 2008-இலும் 2020-இலும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்ட பட்டியலில் இந்தியாவே இல்லை, இலங்கைக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

அதனால் இலங்கை போன்ற நாட்டுக்கு இருந்த தேர்வில் சிறிய இந்திய ஸ்வாப்பே மேல் என்பது என் முடிவு. தொகையைப் பார்த்து வரிசைப்படுத்தினால் தப்பாகிவிடும். எந்த நாணயம், எந்த நாளில் எடுக்கலாம், யாரைக் கேட்டுச் செலவழிக்க வேண்டும் என்று பார்த்தால் வரிசை தலைகீழாகும்.

ரங்கூனிலும் கொழும்பிலும் கடை வைத்த நகரத்தார் தங்கள் ஏட்டில் சொந்த முதலையும் பிறர் போட்ட பணத்தையும் தனித்தனியாகத்தான் எழுதினார்கள். கையிருப்பையும் அப்படிப் படிக்கலாம். நெருக்கடிக் காலத்தில் இலங்கை மத்திய வங்கி மாதாமாதம் வெளியிட்ட கையிருப்புத் தொகைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: இதில் மக்கள் சீன வங்கி ஸ்வாப் இவ்வளவு அடங்கும், அதன் பயன்பாடு நிபந்தனைக்கு உட்பட்டது என்று. அப்படிக் குறிப்பு இருந்தால் முதலில் அதைக் கழியுங்கள். அப்புறம் ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டிய மற்ற ஸ்வாப்களைக் கழியுங்கள். மிச்சத்தை மாத இறக்குமதியால் வகுத்து வருவது ஒன்றுக்கும் கீழே இருந்தால், கொழும்பு ஆர்டருக்கு முன்பணம் வாங்காமல் கன்டெய்னரை ஏற்ற வேண்டாம்.