தறிச் சத்தமும் துணி மூட்டையும்: வீடியோ காலில் எதை மறைக்க முடிகிறது?

திருப்பூர் மங்கலம் ரோட்டில் புதுசாக பனியன் கம்பெனி போட்டிருக்கும் நண்பர் கேட்டார்: "பின்னாடி பூரா கட்பீஸ் மூட்டை, பக்கத்துல தறி. பையர்கிட்டப் பேசத் தனி ரூம் போடோணுமுங்களா, ஆப்லயே மறைச்சுக்கலாமுங்களா?" ஸூம் ஆப்பில் இருக்கும் சத்தம் குறைக்கும் வசதி, பின்னால் இருப்பதை மறைத்து வேறு படம் காட்டும் பின்னணிப் படம், ரெண்டையும் ரொம்ப நாளாகப் பயன்படுத்துவதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் சத்தம். சீலிங் ஃபேன், ஏசி, நிட்டிங் மெஷின் இரைச்சல் எல்லாம் ஒரே சீராக ஓடுபவை. சத்தம் குறைக்கும் வசதி இவற்றைத் துடைத்துப் போட்டுவிடும். உண்மையிலேயே அட்டகாசம். தறி அப்படியில்லை. நாடாத் தறி நிமிஷத்துக்கு 120 தடவைக்கு மேல் அடிக்கும், அதாவது செகண்டுக்கு ரெண்டு அடி. நாம் சும்மா இருக்கும்போது அதையும் அமுக்கிவிடும். பேச ஆரம்பித்தால்தான் வினை. தறியின் ஒவ்வொரு அடியும் நம் பேச்சின் மேலேயே விழுகிறது. அடியைப் பிரித்தெடுக்கும்போது ச, ஸ, ஃப மாதிரி மெல்லிய ஒலிகளும், வாக்கியத்தின் முதல் அசையும், சில சமயம் சொல்லின் கடைசி ஒலியும் சேர்ந்து போய்விடும். "சிக்ஸ்டீன்" என்று சொன்னது அந்தப் பக்கம் "சிக்ஸ்டி" ஆகிவிடலாம். ஆகவே ஜிஎஸ்எம், ரேட், டெலிவரி தேதி எதுவாக இருந்தாலும் சாட்டில் எண்ணாக டைப் பண்ணிவிடுங்கள்.

ஸூமில் Low, Medium, High என்று அளவு வைத்துக்கொள்ளலாம். சத்தம் அதிகமென்று நேராக High-க்குப் போகாதீர்கள். அதிகமாக அமுக்க அமுக்கப் பேச்சும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும். அதற்கு முன்னால் மைக்கைக் கிட்டக் கொண்டு வாருங்கள். லேப்டாப் மைக் வாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. குச்சி மைக் உள்ள ஹெட்செட் போட்டால் 5 சென்டிமீட்டர்தான். தறி இருக்கிற தூரம் மாறவில்லை, நம் குரல் மட்டும் மைக்குக்குக் கிட்டத்தட்ட 22 டெசிபல் கூடுதலாகப் போகிறது. இதைச் செய்துவிட்டு Medium வைத்தாலே போதும்.

பக்கத்து டேபிளில் யாராவது பேசினாலோ, டெய்லர் ரேடியோ போட்டிருந்தாலோ பெரும்பாலும் அது அப்படியே போகும். அதுவும் மனுஷக் குரல்தானே, நம்முடையது எது, அவருடையது எது என்று சாதாரண சத்தக் குறைப்புக்கு எங்கே தெரியப் போகிறது! இதில் இன்னொரு தொல்லை, அந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. போனிலும் அதே மீட்டிங்கில் சேர்ந்து, போனின் மைக்கை அணைத்து, இயர்போனோடு ஒருவரை வேறு ரூமில் உட்காரவைத்து ஒரு தரம் கேட்கச் சொல்லுங்கள்.

இனி என் தீராத எரிச்சல்: பின்னணிப் படம். முகம் மட்டும் பேசினால் குறையே இல்லை. துணியை எடுத்துக் காட்டும்போதுதான் மானம் போகும். இந்த வசதி மனுஷ உருவத்தை அடையாளம் கண்டு மிச்சத்தை அழிக்கப் பழக்கப்பட்டது. கையில் தூக்கிப் பிடித்த ஸ்வாட்ச் அதற்கு 'மிச்சம்'. விரல் தெரியும், துணி பாதி கரைந்துபோகும். நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் ஓரளவு நிற்கும், ஆனால் பையர் பார்க்க வேண்டியது காலர் ரிப் எப்படி நிற்கிறது என்பதை. பின்னணியை மங்கலாக்கினாலும் துணி சேர்ந்தே மங்கும்.

முறையான வழி பச்சைத் திரை. சுருக்கமில்லாத பச்சைத் துணியை முதுகுக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளிக் கட்டி, நிழல் விழாமல் சீராக லைட் போட்டு, செட்டிங்கில் `I have a green screen` என்பதை டிக் பண்ண வேண்டும். அதன்பிறகு அது உருவத்தைத் தேடாது, அந்த நிறத்தை மட்டும் அழிக்கும். ஸ்வாட்ச், ஹேங்கர், லேபிள் எல்லாம் அப்படியே நிற்கும். பச்சை டீ-ஷர்ட் ஆர்டர் வந்தால்? டீ-ஷர்ட்டில் ஓட்டை விழுந்து பின்னணிப் படம் தெரியும். அன்றைக்கு நீலத் துணி கட்டி, நிறத்தையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். திருப்பூரில் துணிக்கா பஞ்சம்!

இன்னொன்று, இதை நம்பி ரகசியத்தை வைக்காதீர்கள். கையை வேகமாக ஆட்டினாலோ நாற்காலியைத் திருப்பினாலோ ஓரத்தில் ஒரு கணம் நிஜச் சுவர் எட்டிப் பார்க்கும். சுவரில் வேறு பையருடைய சாம்பிள் தொங்கினால் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

சத்தத்துக்கு நல்ல மார்க், படத்துக்குப் பச்சைத் துணியோடு பாஸ் மார்க் என்று நியாயமாகச் சொல்லலாம். ஆனால் நண்பருக்கு நான் சொன்னது வேறு: தறி இல்லாத பக்கமாகத் தனி ரூமைப் போட்டுவிடுங்கள். அதுவரைக்கும் ஹெட்செட் போட்டு, பின்னணிப் படத்தை அணைத்துவிட்டுப் பேசுங்கள். கட்பீஸ் மூட்டையைப் பார்த்து எந்தப் பையரும் ஆர்டரை கேன்சல் பண்ணமாட்டார், கரைந்துபோகும் துணியைப் பார்த்தால்தான் யோசிப்பார்.